ஒரே 1,200 கலோரி சார்ட், ஒருத்திக்கு மட்டும் பசி

கேள்வி: "நானும் ஆபீஸ் தோழியும் ஜிம்மில் கொடுத்த ஒரே 1,200 கலோரி சார்ட்டை ஐந்து வாரமாகப் பின்பற்றுகிறோம். அவளுக்குப் பசியே இல்லையாம். எனக்குக் காலை 11 மணிக்கே கை நடுங்குகிறது, ராத்திரி மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். எனக்கு வயது 36, உயரம் 166 செ.மீ., எடை 84 கிலோ. அவளுக்கு 48, 152 செ.மீ., 63 கிலோ. அவள் காலையில் ஓட்ஸுக்குப் பதில் இரண்டு முட்டை, மதியம் மீன் என்று மாற்றிக்கொண்டாள். நான் முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. என் மெனு: காலை பாலில் ஓட்ஸ், ஒரு ஆப்பிள். 11 மணிக்கு கிரீன் டீ, இரண்டு மேரி பிஸ்கட். மதியம் ஒரு கப் சாதம், ஒரு கரண்டி சாம்பார், கொஞ்சம் பொரியல், கொஞ்சம் தயிர். மாலை சர்க்கரை இல்லாத டீ. 7 மணிக்கு இரண்டு சப்பாத்தி, வெஜ் குருமா. வேலை முடிய 12 மணி, தூங்க 1.30, எழுந்திருக்க 6.30. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா, உடம்பில் ஏதாவது கோளாறா?"

பதில்: நான் மருத்துவமனையில் வேலை பார்க்கும் உணவியல் நிபுணர். மருத்துவர் அல்ல. அதனால் கோளாறு இருக்கிறதா என்ற பாதிக்கு எதைப் பரிசோதிக்க வேண்டும் என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும். மனக்கட்டுப்பாடு பற்றிய பாதிக்கு நீங்கள் கொடுத்த எண்களே பதில் சொல்லிவிடுகின்றன. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

உங்கள் சார்ட்டும் தோழியின் சார்ட்டும் ஒன்றல்ல. தாளில் இருக்கும் 1,200 மட்டும்தான் ஒன்று. படுத்த படுக்கையாக இருந்தால்கூட உடம்பு எரிக்கும் கலோரியைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் மிஃப்லின் சமன்பாட்டில் உங்கள் வயது, உயரம், எடையைப் போட்டால் சுமார் 1,540 வருகிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை, வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்று வைத்து 1.4 ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு 2,150 பக்கம். தோழிக்கு அதே கணக்கில் 1,180, பெருக்கினால் 1,650. ஆக, அவர் தினமும் 450 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறார், நீங்கள் 950 குறைக்கிறீர்கள். அவர் தேவையில் கால் பங்குக்குச் சற்று மேல் போயிருக்கிறது, உங்கள் தேவையில் கிட்டத்தட்ட பாதி. இந்தச் சமன்பாடு ஒருவருக்குப் பத்து சதவீதம் முன்னே பின்னே போகும் என்பது உண்மைதான். அப்படியே போனாலும் இந்த இடைவெளி மறையாது.

மூளை பார்ப்பது தட்டில் இருக்கும் எண்ணை அல்ல, வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்தப் பள்ளத்தைத்தான். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உணவைக் கடுமையாகக் குறைத்தால், கொழுப்பு கரையும் வேகத்தைவிட லெப்டின் மிக வேகமாக இறங்கிவிடும். உடம்பில் கொழுப்பு நிறைய இருக்கும்போதே, சில நாட்களிலேயே, மூளைக்குப் பஞ்சச் செய்தி போய்விடுகிறது. இன்னொரு பக்கம் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் ஏறுகிறது. இது பசியைத் தூண்டும் ஹார்மோன். பள்ளம் எவ்வளவு பெரிதோ இந்தச் செய்தியும் அவ்வளவு உரத்து வரும்.

எவ்வளவு உரத்து என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2016-ல் வெளியிட்ட கணக்கு அது. கானாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சாப்பிடுபவருக்குத் தெரியாமலேயே சிறுநீர் வழியாகக் குளுக்கோஸை வெளியேற்றும். டயட் இருக்கிறோம் என்ற எண்ணம் இல்லாமலே எடை குறைவதால், பசி தானாக எவ்வளவு கூடுகிறது என்று அதில் கணக்கிட முடிந்தது. ஒரு கிலோ குறைந்தால் பசி நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடியது. அதே ஒரு கிலோவுக்கு உடம்பின் செலவு குறைவது 20, 30 கலோரிதான். "மெட்டபாலிசம் படுத்துவிட்டது" என்று எல்லோரும் புலம்புகிறார்களே, அதைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய எதிர்ப்பு பசிதான். ஐந்து வாரத்தில் நீங்கள் நான்கு கிலோ குறைத்திருந்தால், அந்தக் கணக்குப்படி உங்கள் மூளை தினமும் 400 கலோரி கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மிக்சர் டப்பா திறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மனக்கட்டுப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். 1944, 45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதில் சேர்ந்தவர்கள் அவர்கள். கொள்கைப் பிடிப்பில் சோடை போனவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். அவர்கள் சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான். உங்கள் சார்ட் அதைவிடக் குறைவு. அவர்கள் உங்களைவிட உயரமான ஆண்கள், நிறைய நடந்தார்கள், ஒப்பிடும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் பசியை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது தவறு என்பதற்கு எனக்கு அந்த ஒரு சோதனை போதும்.

சரி, பள்ளத்தின் ஆழம் ஒரு காரணம். அடுத்தது அந்த 1,200-க்குள் என்ன இருக்கிறது என்பது. உங்கள் மெனுவை வழக்கமான அளவுகளில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸ் 30 கிராம், பால் 150 மில்லி, சாதம் 200 கிராம், சாம்பார் 100 மில்லி என்று கொண்டால் மொத்தம் 1,150 கலோரி வருகிறது. அதில் புரதம் 33 கிராம் பக்கம்தான். காலையில் ஒன்பது கிராம், 11 மணிக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை, மதியம் பன்னிரண்டு, இரவு ஒன்பது, மீதி டீயில் இருக்கும் பால். தோழி ஓட்ஸை எடுத்துவிட்டு இரண்டு முட்டை வைத்தபோது காலைப் புரதம் 12, 13 கிராமுக்கு வந்துவிட்டது. மதியம் 100 கிராம் மீன் சேர்த்தபோது இன்னொரு 20 கிராம். அவர் பேச்சுவாக்கில் செய்த மாற்றம், சார்ட் எழுதியவர் செய்திருக்க வேண்டியது.

ஒரே கலோரியில் புரதம் கூடுதலான சாப்பாடு அடுத்த சில மணி நேரத்துக்குப் பசியைத் தள்ளிப்போடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பல இடங்களில், பல விதமாகச் சோதித்து வந்த முடிவு அது. மாதக்கணக்கில் அந்த வலு அதே அளவில் நிற்கிறதா என்பதில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனாலும் எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க எப்படியும் புரதம் வேண்டும் என்பதால், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு நாளுக்கு 70 முதல் 80 கிராம் வரை போகலாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் இந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

புரதத்துக்கு அடுத்து சாப்பாட்டின் கனமும் அதை மெல்ல ஆகும் நேரமும். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியை அளந்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தார்கள். வெண்ணெய் மடித்த குரோசான் 47. முதலிடம் எதற்குத் தெரியுமா? வெறும் வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. டயட் என்றதும் நம் ஊரில் முதலில் வீட்டை விட்டுத் துரத்தப்படுவது அதுதான். 240 கலோரி உருளை என்பது கால் கிலோவுக்கு மேல் வரும், உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கவே நேரமாகும். அதையே எண்ணெயில் போட்டு ரோஸ்ட் செய்தால் கணக்கு மாறிவிடும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு உணவையும் சோதித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். அதனால் அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுக்க மாட்டேன், எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்ட அது போதும்.

அந்தத் திசையில் உங்கள் காலை உணவைப் பாருங்கள். பாலில் கரைந்த ஓட்ஸ் மூன்று நிமிடத்தில் உள்ளே போய்விடும். 11 மணி பிஸ்கட் வாயில் வைத்ததும் கரையும். ஹால் குழு 2019-ல் 20 பேரை ஆராய்ச்சி மையத்திலேயே தங்கவைத்து, ஆலைகளில் தயாராகும் பாக்கெட் உணவுகளை இரண்டு வாரமும் வீட்டுச் சமையல் மாதிரியான உணவை இரண்டு வாரமும், வேண்டிய அளவு சாப்பிடச் சொல்லிக் கொடுத்தது. பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். வேகம்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களைப் பார்த்த வரையில் வேகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் இது என் அபிப்பிராயம்தான்.

தண்ணீர் குடித்தே பசியை அடக்கும் யோசனையும் உங்கள் ஜிம்மில் சொல்லியிருப்பார்கள். பென்சில்வேனியாவில் பார்பரா ரோல்ஸ் குழு அதை அழகாகச் சோதித்தது. கோழியும் அரிசியும் சேர்ந்த ஒரே உணவை ஒருமுறை அப்படியே, ஒருமுறை பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஒருமுறை அதே தண்ணீரைச் சேர்த்து சூப்பாகக் கொடுத்தார்கள். பக்கத்தில் வைத்த தண்ணீர் அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. சூப்பான தண்ணீர் குறைத்தது. நம் அடுப்படிக்கு இதை மாற்றினால், நீர் காயோடும் பருப்போடும் சேர்ந்து வேக வேண்டும். ஒரு கரண்டி சாம்பாரைச் சாதத்தில் தெளிப்பதைவிட, ஒரு கிண்ணம் கெட்டியான கீரைக் கூட்டு அதிக நேரம் நிற்கும்.

இனி அந்த 11 மணி நடுக்கம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஆரம்ப அளவுக்கும் கீழே ஒரு சரிவு சரிந்து, பிறகு மேலே வரும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,070 பேருக்குத் தொடர் குளுக்கோஸ் கருவி மாட்டிப் பார்த்து 2021-ல் எழுதினார்கள். பெரிய சரிவு வருபவர்களுக்குப் பசி கூடுதல், அவர்கள் அன்று முழுக்கச் சாப்பிட்டதும் சுமார் 300 கலோரி கூடுதல். ஒரே காலை உணவுக்கு ஒருவருக்குச் சரிவு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. இங்கே உண்மையிலேயே உடம்புக்கு உடம்பு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் சரிவும் பசியும் சேர்ந்து வருகின்றன என்பதைத்தான் அது காட்டியது. சரிவுதான் பசியைக் கிளப்புகிறது என்று அடித்துச் சொல்ல அது போதாது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. நடுக்கம் வரும் நேரத்தில், பிஸ்கட்டைத் தொடும் முன், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 80, 90 என்று காட்டினால் அது சாதாரணச் சரிவு, காலை உணவை மாற்றினால் அடங்கக்கூடியது. 70-க்குக் கீழே காட்டினால், அதுவும் நீங்கள் கிளிமெபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், அந்த இடத்திலேயே ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரை அளவைக் குறைக்காமல் 1,200 கலோரி சார்ட்டைத் தொடங்கி, தாழ்சர்க்கரையோடு வந்து சேருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு வரும் பசி டயட் பசி அல்ல, ஆபத்துக்கான அறிவிப்பு.

அடுத்தது தூக்கம். உங்களுக்கு ஐந்து மணி நேரம். ஷிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் செய்த சிறிய ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் கூடுதல், அவர்களே சொன்ன பசி 24 சதவீதம் கூடுதல். இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஹார்மோன் இதே மாதிரி நகரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தூக்கம் குறைந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 2022-ல் அதே ஊரில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடுதலான 80 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீட்ட உதவினார்கள். டயட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் சாப்பாடு நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2010-ல் வந்தது. பத்துப் பேர்தான், ஆனால் எல்லோரும் டயட்டில் இருந்தவர்கள். இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம், ஒரே அளவு குறைத்த சாப்பாடு. இரண்டு முறையும் எடை ஏறத்தாழ மூன்று கிலோ குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூங்காதபோது 0.6 கிலோ மட்டும். மீதி பெரும்பாலும் தசையும் நீரும். பசியும் கூடவே ஏறியது. தராசு ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே நடப்பது வேறு.

ஹார்மோனை விடுங்கள், உங்கள் விஷயத்தில் கடிகாரமே ஒரு காரணம். "ஏழு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது" என்று யாரோ சொல்லித்தானோ என்னவோ, 7 மணிக்கு இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொள்கிறீர்கள். பத்து மணிக்குத் தூங்குபவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அதற்கப்புறம் ஆறரை மணி நேரம் விழிப்பு, அதில் ஐந்து மணி நேரம் வேலை. பகலில் ஆறரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பீர்களா? இரவுச் சாப்பாட்டை 9 மணிக்குத் தள்ளுங்கள். சாயங்காலம் 5 மணிக்குச் சுண்டல் மாதிரி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகச் சாப்பிடுவது பொதுவாக நல்லதல்ல என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் 9 மணிக்குத் தட்டில் வைத்த சாப்பாடா, 12 மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடும் மிக்சரா என்று கேட்டால் நான் தட்டைத்தான் சொல்வேன்.

மன அழுத்தம் பற்றிச் சொல்வது கடினம், ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. தேர்வு நாளில் ஒரு வாய் இறங்காதவர்களும் உண்டு, அதே நாளில் பாக்கெட் பாக்கெட்டாக உடைப்பவர்களும் உண்டு. திடீர்ப் பதற்றம் பெரும்பாலும் பசியை அடக்கும். நாள்பட்ட அழுத்தம் பலரை இனிப்பும் எண்ணெயும் இருக்கும் பக்கம் இழுக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, டயட்டே ஓர் அழுத்தம் என்பதுதான். கலிஃபோர்னியாவில் 121 பெண்களை வைத்து 2010-ல் வந்த ஆய்வில், மூன்று வாரம் 1,200 கலோரிக்குள் சாப்பிட்டவர்களுக்குக் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் கூடியது. கலோரியை எழுதி வைப்பது மட்டுமே செய்தவர்களுக்குக் கார்டிசோல் ஏறவில்லை, ஆனால் மனதில் அழுத்தம் கூடியதாகச் சொன்னார்கள். அந்தக் கார்டிசோல்தான் உங்களைச் சாப்பிட வைக்கிறது என்று நேர்க்கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது.

வயிற்றுப் பசியா, மன இழுப்பா என்று பிரிக்க நான் ஒரு கேள்வி சொல்லிக்கொடுப்பேன். மிக்சர் டப்பாவைத் திறக்கும் முன், "இப்போது உப்பு மட்டும் போட்ட தயிர்சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் பசி, சாப்பிடுங்கள். மிக்சர்தான் வேண்டும், தயிர்சாதம் வேண்டாம் என்றால் அது களைப்போ சலிப்போ அழுத்தமோ. இது சோதனைச்சாலையில் நிரூபித்த முறை அல்ல, இரண்டும் கலந்து வரும் இரவுகளும் உண்டு. உங்கள் விஷயத்தில் முதல் பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, மாற்றியமைத்தால் எப்படி இருக்கும்? உங்கள் செலவு 2,150 என்று வைத்து, 500 குறைத்து 1,650-ல் எழுதுகிறேன். காலையில் வெங்காயம், தக்காளி சேர்த்த இரண்டு முட்டை ஆம்லெட், இரண்டு இட்லி, ஒரு கப் கெட்டிச் சாம்பார். இதிலேயே புரதம் இருபது கிராமைத் தாண்டிவிடும். 11 மணிக்கு ஒரு டம்ளர் மோர், பிஸ்கட் வேண்டாம். மதியம் 150 கிராம் சாதம், ஒரு கப் பாசிப்பருப்புக் கீரைக் கூட்டு, தட்டில் கால்வாசியை அடைக்கும் அளவுக்கு அவரையோ கோவைக்காயோ பொரியல், 25 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து செய்த மசாலா, 100 கிராம் தயிர். அந்த மீல்மேக்கர் மட்டும் 13 கிராம் புரதம் தரும், ஒரு கைப்பிடிதான். மாலை 5 மணிக்கு 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், டீ. இரவு 9 மணிக்கு இரண்டு சப்பாத்தி, 50 கிராம் பனீர் உதிர்த்துப் போட்ட பொரியல், வெள்ளரிக்காய். மொத்தம் 1,640 கலோரி பக்கம், புரதம் 75-க்கும் 80-க்கும் நடுவில். பழைய மெனுவைவிட கலோரி ஐந்நூறு கூடியிருக்கிறது, புரதம் இரண்டு மடங்குக்கு மேல். மீல்மேக்கர் சேராது என்றால் அந்த இடத்தில் இன்னொரு முட்டையும் கொஞ்சம் கூடுதல் பருப்பும் வையுங்கள்.

இப்படிச் சாப்பிட்டால் எடை மெதுவாகத்தான் குறையும், வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி. முதல் வாரம் உப்பும் மாவுச்சத்தும் கூடியதால் தராசு ஒரு கிலோகூட ஏறிக் காட்டலாம், அது நீர். அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் 1,200-க்கு ஓடிவிடாதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் பசிக்குப் பத்துக்கு எத்தனை என்று போனில் குறித்து வாருங்கள். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள், தூக்கத்தை அப்புறம் தொடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. காலை 11 மணி எண் இறங்கி, இரவு எண் இறங்கவில்லை என்றால் தூக்கத்தின் பக்கம் போகலாம். காலை எழுந்திருக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ள வீட்டில் யாராவது கை கொடுப்பார்களா என்று பாருங்கள், ஷிஃப்டை மாற்றுவதைவிட அது சுலபமாக இருக்கலாம்.

கோளாறு பற்றிக் கேட்டீர்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள், மிர்டாசபின், ஓலான்சபின் போன்ற சில மனநல மருந்துகள், இன்சுலின், கிளிமெபிரைடு வகை ஆகியவை பசியைக் கூட்டும். இவற்றில் ஏதாவது எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். பசியோடு தாகமும், அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனை. பசியோடு படபடப்பும், வியர்வையும், எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை இறங்குவதும் இருந்தால் தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோரும் பழி போடுவது தைராய்டு குறைவாகச் சுரப்பதன் மேல், ஆனால் அது பொதுவாகப் பசியைக் கூட்டுவதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பலருக்குப் பசி ஏறும், அந்த வாரத்துக் குறிப்பைத் தனியாகப் பாருங்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டு. எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வகை இருப்பவர்களுக்குச் சாப்பிட்ட பிறகும் கிரெலின் சரியாக அடங்குவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதைப் பரிசோதித்துத் தெரிந்துகொண்டு உங்கள் தட்டில் நான் மாற்றப்போவது எதுவும் இல்லை, அதனால் ஆன்லைனில் விற்கும் ஜீன் டெஸ்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இரவில் மிக்சர் என்றால் ஒரு கைப்பிடியா, அல்லது நிறுத்த முடியாமல், யாருக்கும் தெரியாமல், வயிறு வலிக்கும் வரை போகிறதா? இரண்டாவது என்றால், வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது என்றால், எந்தச் சார்ட்டும் வேண்டாம், நான் மேலே எழுதியதும் வேண்டாம். முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. முதலாவது என்றால் இந்த மெனுவை மூன்று வாரம் ஓட்டிவிட்டு, பசி எண்களையும் அந்த 11 மணி குளுக்கோமீட்டர் எண்ணையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.